நூல் 24-இல் நின்றால் தென்னை எத்தனை மீட்டர்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பாகைமானியில் நூல் கட்டி கிளினோமீட்டர் செய்து, வீட்டுக் கொல்லையில் இருக்கும் தென்னையை அளந்து பார்த்தோம். மரத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றோம், நூல் 24-இல் நின்றது. tan 24 போட்டுக் கணக்குப் பார்த்தால் இரண்டே கால் மீட்டர் வருகிறது. மரமோ மாடி வீட்டைத் தாண்டி நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் படித்த எண் சரி, அதை எடுத்துப் போட்ட இடம்தான் தப்பு. நூல் எப்போதும் நேர் கீழே தொங்குகிறது. நீங்கள் கிடைமட்டமாகப் பார்க்கும்போது அது 90-இல் நிற்கும். பாகைமானியில் ஒட்டிய ஸ்ட்ராக் குழலின் முனையை உயர்த்த உயர்த்த, 90-ஐ விட்டு உங்கள் பக்கமாக நகரும். ஆகவே ஏற்றக்கோணம் என்பது நூல் 90-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான். 24 என்றால் 90-இலிருந்து 66 பாகை விலகல். மறுபக்க அளவில் படித்தால் அதே இடம் 156 என்று காட்டும். அதிலும் விலகல் 66-தான். எந்த வரிசையில் படிப்பது என்ற குழப்பமே வேண்டாம்.

இப்போது கணக்கு: tan 66° = 2.246. ஐந்தால் பெருக்கினால் 11.2 மீட்டர். இது உங்கள் கண் மட்டத்துக்கு மேலே உள்ள உயரம்தான். தரையிலிருந்து கண்வரை உள்ளதைக் கூட்ட வேண்டும். ஆளின் உயரத்தைக் கூட்டிவிடாதீர்கள், கண்ணின் உயரத்தை நாடாவில் அளந்து கூட்டுங்கள். உங்கள் மகளுக்கு அது 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தென்னை 12.6 மீட்டர். செல்போன் கால்குலேட்டரில் tan 66 போட்டு 0.03 போல ஏதாவது வந்தால், அது ரேடியனில் இருக்கிறது. DEG-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, 12.6-ஐ நம்பலாமா? கருவியைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்வோம்.

ஜாமெட்ரி பாக்ஸில் வரும் பிளாஸ்டிக் பாகைமானியின் நேர்க்கோடு அதன் அடி விளிம்பில் இருக்காது. 0-ஐயும் 180-ஐயும் சேர்க்கும் கோடு விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். நூல் தொங்க வேண்டியது அந்தக் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து. பல பேர் வசதிக்காக விளிம்பிலேயே நூலை ஒட்டிவிடுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் ஒட்டினேன். இதில் வம்பு என்னவென்றால், கிடைமட்டமாகப் பிடித்துச் சோதித்தால் நூல் ஒழுங்காக 90 காட்டும். கருவி சரி என்று நம்பிவிடுவோம். உயர்த்திப் பார்க்கும்போதுதான் பிழை முளைக்கும். 10 சென்டிமீட்டர் பாகைமானியில் நூல் 5 மில்லிமீட்டர் தள்ளித் தொங்கினால், உண்மையில் 43 பாகையாக இருக்கும் கோணம் ஏறக்குறைய 47 என்று தெரியும். 12 மீட்டர் தள்ளி நின்று அளப்பவருக்கு அது ஒன்றே முக்கால் மீட்டர் அதிகம். நடுப்புள்ளியில் ஓட்டை இல்லாவிட்டால் சூடு காட்டிய ஊசியால் ஒன்று போட்டு, தையல் நூலைக் கோத்துப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். நுனியில் ஒரு போல்ட் நட்டைக் கட்டினால் போதும். முறுக்கிய சணல் கயிறு வேண்டாம், அது விறைத்துக்கொண்டு நிற்கும்.

ஸ்ட்ராவை அந்த 0–180 கோட்டுக்கு இணையாக ஒட்ட வேண்டும். ஸ்ட்ராவின் குறை அதன் வாய் அகலம். 6 மில்லிமீட்டர் வாயும் 20 சென்டிமீட்டர் நீளமும் இருந்தால், வாய்க்குள் தெரியும் காட்சியே ஏறக்குறைய 1.7 பாகை அகலம். அதற்குள் மர உச்சி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாது. முன் வாயில் இரண்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அவை வெட்டும் இடத்தில் உச்சியை வையுங்கள். மகள் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று நூலைப் படியுங்கள். காற்றில் ஆடினால் நின்ற பிறகு விரலால் பாகைமானியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு படிக்கலாம். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழல் வழியாகப் பார்க்க வேண்டாம்.

அடுத்து, எங்கே நிற்பது. ஐந்து மீட்டர் மிகக் கிட்டம். கோணம் 45-க்கு அருகில் இருக்கும்போது ஒரு பாகைப் பிழையால் வரும் உயரப் பிழை விழுக்காட்டில் மிகக் குறைவு, 3.5 சதவீதம்தான். 66-இல் அது 4.7 ஆகிறது, 80-ஐ நெருங்கினால் 10 சதவீதத்தைத் தொடும். ஆனால் தென்னைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மரம் நேராக நிற்பதில்லை. உச்சி உங்களை நோக்கி ஒன்றரை மீட்டர் சாய்ந்திருந்தால், கணக்கில் வர வேண்டிய தூரம் 5 அல்ல, 3.5-தான். நீங்கள் சொன்ன அதே கோணத்துக்கு 11.2 மீட்டர் வெறும் 7.9 ஆகிவிடும். அளக்க வேண்டியது அடிமரம்வரை அல்ல, உச்சிக்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளிவரை. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கை நீட்டிப் பிடித்து, உச்சியோடு சேர்த்துப் பார்த்தால் அது தரையில் எங்கே விழுகிறது என்று தெரியும். இரண்டு திசைகளிலிருந்து பார்த்தால் புள்ளி உறுதியாகும். அந்தப் புள்ளியில் போய் நிற்காதீர்கள், தேங்காய் விழும் இடமும் அதுதான். இன்னும் எளிதாக, சாய்வு உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ தெரியும்படி நின்றுகொண்டால் அடிமரம்வரை அளந்தாலே போதும், பிழை மிகச் சிறியது.

கொல்லையில் இடம் இருந்தால் நான் செய்வது இதுதான். நூல் 45-இல் வந்து நிற்கும்வரை பின்னால் நடப்பேன். tan 45° = 1 என்பதால் தூரமும் கண்ணுக்கு மேலுள்ள உயரமும் சமம். உங்கள் தென்னை 12.6 மீட்டர் என்பது சரியானால், 11.2 மீட்டரில் நூல் 45-க்கு வர வேண்டும். வந்தால் முன் அளவும் சரி. வராவிட்டால் இரண்டு அளவுகளில் ஒன்று பொய் சொல்கிறது. பெரும்பாலும் கிட்ட நின்று எடுத்ததுதான். இடம் இல்லையென்றால் 12 மீட்டர் தள்ளித் தெருவில் நின்றாலும் சரி, நூல் 47-இல் வர வேண்டும், அதாவது ஏற்றக்கோணம் 43. ஆனால் தெரு கொல்லையைவிடத் தாழ்வாக இருந்தால் கண் உயரத்தை அப்படியே கூட்ட முடியாது. அப்போது அடிமரத்தையும் குழல் வழியாகப் பாருங்கள். கீழ்நோக்கிப் பார்த்தால் நூல் 90-ஐ விட்டு எதிர்ப்பக்கம் போகும், அது இறக்கக்கோணம். இரண்டு கோணங்களின் tan மதிப்புகளையும் கூட்டித் தூரத்தால் பெருக்கினால் உச்சி முதல் அடிவரை கிடைக்கும். அடிமரமும் கண்ணுக்கு மேலேயே தெரிந்தால் கூட்டாமல் கழியுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் 12.6 என்பதை 12.2-க்கும் 13-க்கும் நடுவில் என்றுதான் படிக்க வேண்டும். 12 மீட்டர் தூரத்தில் ஒரு பாகைத் தடுமாற்றம் 40 சென்டிமீட்டர். உச்சி எது என்பதிலும் வித்தியாசம் வரும்: நிமிர்ந்து நிற்கும் குருத்தின் நுனியா, ஓலை கிளம்பும் இடமா? இதை முதலிலேயே முடிவு செய்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை தேங்காய் பறிக்க ஆள் ஏறும்போது, ஒரு கயிற்றின் நுனியை மேலே கொண்டுபோய் ஓலை கிளம்பும் இடத்திலிருந்து தொங்கவிடச் சொல்லி அளந்து பாருங்கள். மகளுடைய எண்ணையும் அதே இடத்துக்குத்தான் எடுத்திருக்க வேண்டும்.