வேண்டும் என்றாரா, வேண்டாம் என்றாரா? தமிங்கிலப் பேச்சை எழுத்தாக்கும் முன் ஒரு கேள்வி பதில்

ஆய்வு மாணவி, கோவை: அக்கா, 200 தமிழ் போன் ரிவ்யூ வீடியோக்களை விஸ்பர் மென்பொருளில் போட்டு எழுத்தாக்கிவிட்டேன். எத்தனை பேர் பேட்டரியைக் குறை சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டும். ஒரு சின்ன பகுதியைச் சோதித்தால் சொற்பிழை விகிதம் 50% வருகிறது. எல்லாம் வீணா?

அவசரப்பட்டு அழித்துவிடாதே. நீ அனுப்பிய வரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே இருப்பது நீ காதால் கேட்டு எழுதியது, கீழே இருப்பது மென்பொருள் தந்தது.

```
பேட்டரி ஒரு நாள் கூட நிக்கல சார்ஜிங் ரொம்ப ஸ்லோ
battery ஒரு நாள் கூட நிக்கலாம் charging ரொம்ப slow
```

எட்டுச் சொல்லில் நான்கு ஒத்துப்போகவில்லை, அதனால் 50%. ஆனால் அந்த நான்கில் மூன்று, அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதியதுதான். கேட்டதில் தவறே இல்லை. எழுத்தை ஒரே மாதிரி ஆக்கிவிட்டு எண்ணினால் எட்டில் ஒன்று, அதாவது 12.5%. இதற்கு ஒரு குறுக்குவழியும் தேவையில்லை. மென்பொருள் தந்த பகுதியில் உள்ள ஆங்கில எழுத்துச் சொற்களை மட்டும் தனியே எடுத்து, பக்கத்தில் தமிழில் எழுதி ஒரு பட்டியல் போட்டுக்கொள். போன் ரிவ்யூவில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சொற்கூட்டம்தான், அரை நாளில் முடிந்துவிடும்.

சரி, இப்போது மிஞ்சிய அந்த ஒரு பிழையைப் பார். 'நிக்கல' 'நிக்கலாம்' ஆகிவிட்டது. குறை பாராட்டாக மாறிவிட்டது. 50% என்று பயமுறுத்திய கணக்கு ஒன்றும் ஆகாத மூன்றைப் பெரிதாக்கியது. 12.5% என்று ஆறுதல் தரும் கணக்கோ உன் ஆய்வையே கவிழ்க்கும் ஒன்றை மறைக்கிறது. பேச்சுத்தமிழில் எதிர்மறை என்பது பல நேரம் கடைசியில் ஒட்டும் ஒரு 'ல'தான். வேகமாகப் பேசும்போது அது பாதி விழுங்கப்பட்டுவிடும்.

அதனால் பொது விகிதத்தை விட்டுவிட்டு இரண்டை மட்டும் எண்ணு. பேட்டரி என்று பேசப்பட்ட இடங்களில் எத்தனை எழுத்தில் வந்திருக்கின்றன? எதிர்மறை பேசப்பட்ட இடங்களில் எத்தனை எதிர்மறையாகவே வந்திருக்கின்றன?

மென்பொருள் எழுதுபவர், சென்னை: பட்டியல் எல்லாம் எதற்கு? எழுத்தை ஒரே மாதிரி ஆக்க விஸ்பருடன் வரும் நார்மலைசரை இரண்டு பக்கமும் ஓட்டினால் போதுமே. நான் அப்படித்தான் செய்கிறேன், பிழை நன்றாகவே குறைகிறது.

குறைவது உண்மைதான், அது குறையும் காரணம்தான் பிரச்சினை. தமிழுக்கு ஓடுவது `BasicTextNormalizer`. அது ஆங்கில எழுத்தைத் தமிழாக்காது. நிறுத்தற்குறிகளை எடுக்கும்போது யூனிகோடில் 'குறி' என்று வகைப்படுத்தப்பட்ட எல்லாவற்றையும் இடைவெளியாக மாற்றிவிடும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாமே அந்த வகையில்தான் வருகின்றன. ஓட்டிப் பாருங்கள்:

```
வேண்டும்   ->  வ ண ட ம
வேண்டாம்  ->  வ ண ட ம
```

'இந்த போன் வாங்க வேண்டும்' என்பதும் 'வாங்க வேண்டாம்' என்பதும் அங்கே ஒன்றுதான். ஒரு சொல் நான்காக உடைவதால் மொத்தச் சொல் எண்ணிக்கையும் ஊதிப் பெருக்கிறது. எனவே விகிதம் அழகாக இறங்கத்தான் செய்யும். எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை இந்த இறங்கிய எண்ணைத்தான் அறிக்கையில் போட்டோம். யாரோ ஒருவர் இடையிலுள்ள வரிகளை அச்சிட்டுப் பார்த்த பிறகே தெரிந்தது. நிறுத்தற்குறிகளை மட்டும் நீங்களே நீக்குங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

அதே மாணவி: எத்தனை நிமிடம் கேட்டு எழுதினால் போதும் அக்கா? சரிபார்க்க, வந்த எழுத்தையே திருத்திக்கொண்டு போகலாமா?

இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன். கூடாது. திரையில் 'நிக்கலாம்' என்று இருந்தால் காதும் 'நிக்கலாம்' என்றே கேட்கும். எழுத்தைப் பார்க்காமல் நீயாகக் கேட்டு எழுது, ஒப்பிடுவது அப்புறம்.

அளவுக்கு வருவோம். ஒரே வீடியோவில் இருபது நிமிடம் எழுதுவதைவிட, நாற்பது வெவ்வேறு வீடியோக்களிலிருந்து அரை அரை நிமிடமாகக் குருட்டாம்போக்கில் எடுப்பது மேல். பேசுபவர், மைக், பின்னணி இசை எல்லாம் மாறும்போதுதான் பலவீனம் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதே: நாற்பது எதிர்மறைகளைப் பார்த்து ஒன்றுகூடத் தவறவில்லை என்றாலும், மொத்தத்தில் தவறு சுமார் 7.5% வரை இருக்க இடமுண்டு. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் தோராயக் கணக்கு அது.

ஈப்போ வாசகர், மலேசியா: எங்கள் சேனலில் 'ஹாய் கைஸ், வெல்கம் பேக்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, பிறகு தமிழும் மலாயும் கலந்து பேசுவோம். எழுத்து முழுக்க ஆங்கிலமாக வருகிறது, படித்தால் அர்த்தமும் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

மொழியைச் சொல்லாவிட்டால் விஸ்பர் முதல் 30 விநாடியைக் கேட்டு மொழியை முடிவு செய்து, கோப்பு முழுவதற்கும் அதையே வைத்துக்கொள்ளும். உங்கள் வணக்கத்தைக் கேட்டு ஆங்கிலம் என்று முடிவு கட்டிவிட்டது. அதன் பிறகு வந்த தமிழை ஏறக்குறைய மொழிபெயர்த்துக்கொண்டே போயிருக்கிறது. என்ன தலைப்பு என்று பிரிக்க அது போதும். யார் என்ன சொன்னார் என்று எண்ணப் போதாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பு எப்போதும் சரளமாகவே இருக்கும், தவறியதும் சரளமாகவே இருக்கும். மொழியை நீங்களே சொல்லிவிடுங்கள்:

```
whisper video.mp4 --model large-v3 --language ta --task transcribe
```

மலாய்ச் சொற்களைத் தனியாகக் குறித்து எண்ணுங்கள். தமிழ் என்று சொல்லிவிட்டதால் அவற்றை ஒலி ஒத்த ஏதோ தமிழ்ச் சொல்லாக மாற்றிவிட வாய்ப்பு அதிகம்.

மதுரையிலிருந்து ஒருவர்: மேடம், எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவிலும் இதே கலப்புப் பேச்சுதான். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், எழுத்தாக்க முடியுமா?

அது வேறு கலப்பு, அண்ணே! குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சிக்கல் இது. ஒரு குரல் மட்டும் கேட்கும் இடங்களை வெட்டிப் போட்டுப் பாருங்கள், மேளம் இருந்தால் அதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மொழியியல் ஆசிரியர், திருச்சி: 'நிக்கல' என்று பேசியது 'நிற்கவில்லை' என்று வந்தால் அதைப் பிழை என்பீர்களா, சரி என்பீர்களா? என்னைக் கேட்டால் முழுப் பிழை. பேசிய வடிவமே போய்விடுகிறதே.

குறை எண்ணும் வேலைக்கு நான் அதைச் சரி என்றே வைக்கிறேன், எதிர்மறை தப்பிப் பிழைத்துவிட்டது அல்லவா. நீங்கள் பேச்சு வழக்கை ஆராய்பவர், உங்களுக்கு அது பிழைதான். இருவரும் ஒரே விகிதத்தைக் காட்டிப் பேச முடியாது என்பதுதான் என் சிக்கலும். எழுத்துத்தமிழுக்கு மாற்றப்பட்டவற்றைத் தனிப் பத்தியில் குறிக்கச் சொல்கிறேன், அதற்கு மேல் எனக்குத் தெளிவான விடை இல்லை.

அதே மாணவி: எண்ணி முடித்துவிட்டேன் அக்கா. பேட்டரி 56 இடத்தில் பேசப்பட்டது, 52 எழுத்தில் வந்திருக்கிறது. எதிர்மறை 38, அதில் 9 கவிழ்ந்துவிட்டது. இனி?

பேட்டரியைக் கண்டுபிடிக்க எழுத்தை நம்பலாம், குறையா பாராட்டா என்று அறிய நம்பக்கூடாது. எழுத்தில் 'பேட்டரி' வரும் நேரங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சில விநாடி காதால் கேட்டு நீயே குறித்துக்கொள். 200 வீடியோவையும் முழுதாகக் கேட்பதற்கு இது எவ்வளவோ மேல். தவறிப்போன அந்த நான்கு இடங்கள் யார் வீடியோவில் என்று பார்த்தாயா? நாலும் ஒரே சேனல் என்றால், அந்தச் சேனலைத் தனியாக வைத்து இன்னும் இரண்டு மூன்று துண்டு எழுதிப் பார்.