மார்ச்சில் நஷ்டம், மே மாதம் விற்பனை: ஃபார்வர்ட் நஷ்டம் எந்த வருஷக் கணக்கில்?

கேள்வி: சார், சேலத்தில் பெட்ஷீட், டவல் ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மே மாதம் அனுப்ப வேண்டிய 1,00,000 டாலர் ஆர்டருக்கு, ஜூலை 31-ல் டாலரைக் கொடுப்பதாக ஜனவரியிலேயே 87 ரூபாய்க்கு ஃபார்வர்ட் போட்டோம். மார்ச் 31-க்கு பேங்க் அனுப்பிய கணக்கில் 1,20,000 ரூபாய் நஷ்டம் என்று இருக்கிறது. அதை இந்த வருஷ லாப நஷ்டக் கணக்கில் எழுதச் சொல்கிறார் ஆடிட்டர். விற்பனையே அடுத்த வருஷம்தானே, நஷ்டத்தை மட்டும் இப்போது எப்படி எழுதுவது?

பதில்: ஜனவரியில் ஃபார்வர்ட் போட்ட அன்றே, அது எந்த விற்பனையைக் காப்பதற்கு என்று சொல்லும் ஹெட்ஜ் ஆவணம் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தீர்களா? இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இல்லாவிட்டால் ஆடிட்டர் சொல்வதுதான் சரி.

உங்கள் கம்பெனி இண்ட் ஏ.எஸ். வரம்புக்குள் வராதது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் டெரிவேட்டிவ் கணக்குக்காக ஐ.சி.ஏ.ஐ. 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்புதான் உங்களுக்குப் பொருந்தும். இனிமேல் நடக்கப்போகும் விற்பனைக்காகப் போட்ட ஃபார்வர்டை ஆண்டு முடிவில் சந்தை மதிப்பில் பேலன்ஸ் ஷீட்டில் காட்டியே ஆக வேண்டும் என்கிறது அது. ஆக, 1,20,000 ரூபாய் ஒரு பொறுப்பாக மார்ச் 31-லேயே உள்ளே வந்துவிடும், அதில் மாற்றமில்லை. எதிர்ப்பக்கம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். ஆவணம் இல்லையென்றால் லாப நஷ்டக் கணக்குக்கு. ஆவணம் இருந்து, ஹெட்ஜ் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ் தலைப்பின்கீழ் கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வ் என்ற தனிக் கணக்குக்கு. அங்கே அது பற்று இருப்பாக, விற்பனை வரும்வரை காத்திருக்கும்.

இனி உங்கள் எண்களையே கடைசிவரை கொண்டுபோகிறேன். மார்ச்சுக்குப் பிறகு வரும் ரேட்டுகள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை. பேங்க் இன்றைய மதிப்புக்காகக் கழிக்கும் சிறு தொகையையும் விட்டுவிடுகிறேன்.

மார்ச் 31-ல் ஜூலை 31-க்கான ஃபார்வர்ட் ரேட் 88.20. நீங்கள் 87-க்கு விற்றிருக்கிறீர்கள், டாலருக்கு 1.20 குறைவு. அதுதான் அந்த 1,20,000. ஹெட்ஜ் ரிசர்வ் பற்று, ஃபார்வர்ட் பொறுப்பு வரவு.

மே 20-ல் விற்பனை. அன்று ஸ்பாட் ரேட் 88.50, ஜூலை 31-க்கான ஃபார்வர்ட் ரேட் 88.90. விற்பனையை ஸ்பாட்டில் 88,50,000 என்று பதிய வேண்டும். ஃபார்வர்ட் நஷ்டம் அதற்குள் 1,90,000 ஆகியிருக்கும். கூடுதலான 70,000-ஐ முதலில் ரிசர்வுக்குக் கொண்டுபோய், பிறகு ரிசர்வில் உள்ள 1,90,000 முழுவதையும் அதே நாளில் எடுத்து விற்பனைக் கணக்கில் கழியுங்கள். விற்பனை 86,60,000 என்று நிற்கும். சிலர் இதை அந்நியச் செலாவணி நஷ்டம் என்ற வரியில் போடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விற்பனை விலையைக் காப்பாற்றப் போட்ட ஃபார்வர்ட், அதன் பலன் விற்பனைத் தொகையில்தான் தெரிய வேண்டும்.

சரி, மே 20-க்கு அப்புறம்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஹெட்ஜ் உறவு விற்பனை நாளோடு முடிகிறது என்று ஆவணத்தில் எழுதுவதுதான் எளிது. அதன்பின் ரிசர்வுக்கு எதுவும் போகாது. வர வேண்டிய டாலரின் மாற்றமும், ஃபார்வர்டின் மாற்றமும் நேராக லாப நஷ்டக் கணக்குக்கே வந்து ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும். ஜூலை 31-ல் ஸ்பாட் 89.10 என்று வைத்துக்கொள்வோம். வர வேண்டிய பாக்கியில் 60 பைசா லாபம், 60,000. ஃபார்வர்டில் இன்னும் 20 பைசா நஷ்டம், 20,000. மிச்சம் 40,000 லாபம்.

அந்த 40,000 எங்கிருந்து வந்தது என்று ஆடிட்டர் கேட்பார். மே 20-ல் ஸ்பாட்டுக்கும் ஃபார்வர்டுக்கும் இருந்த 40 பைசா இடைவெளிதான் அது. பணம் வரக் காத்திருந்த நாட்களுக்கான பிரீமியம், அதனால் விற்பனையில் சேராது. இப்போது கூட்டிப் பாருங்கள்: விற்பனை 86,60,000, மேலே 40,000, மொத்தம் 87,00,000. நீங்கள் பூட்டி வைத்த 87 ரூபாய் அப்படியே வருகிறது. உங்கள் பதிவுகளிலும் இந்தக் கூட்டுத்தொகை வராவிட்டால், ஏதோ ஒரு பதிவு இரண்டு முறை விழுந்திருக்கிறது, அல்லது ரிசர்வில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் எப்போதும் இதை வைத்துத்தான் சரிபார்க்கிறேன்.

விற்பனை நாள் எது என்பதிலும் கவனம் வேண்டும். சேலத்தில் இன்வாய்ஸ் போட்ட தேதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். எஃப்.ஓ.பி. விற்பனையாக இருந்தால், கண்டெய்னர் தூத்துக்குடி போய்க் கப்பலில் ஏறி, பில் ஆஃப் லேடிங் வாங்கிய தேதிதான் பொதுவாகக் கணக்கு. மே 20-க்குப் பதிலாக 16-ல் பதிந்தால் ரேட்டும் மாறும், ரிசர்வில் இருந்து எடுக்கும் தொகையும் மாறும்.

ஆவணத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் போதும். எந்த ஃபார்வர்ட், அதன் எண், தொகை, தேதி, எந்த ஆபத்தைத் தடுக்கிறோம், எந்த விற்பனையை, இரண்டும் ஈடு கொடுக்கின்றன என்பதை எப்படி அளப்போம். விற்பனையை எழுதும்போது ஒரு குறிப்பிட்ட இன்வாய்ஸைக் கட்டிப்போடாமல், ‘மே மாத ஏற்றுமதியில் முதல் 1,00,000 டாலர் மதிப்புள்ள சரக்கு’ என்று எழுதுங்கள். ஒரு லாட் தறியில் தாமதமானாலும் வேறு லாட் அந்த இடத்தை நிரப்பிவிடும். கூடவே வாங்குபவரின் ஆர்டர் நகலும், முந்தைய ஆண்டுகளின் மே மாத ஏற்றுமதிக் கணக்கும் இருக்கட்டும். விற்பனை நடப்பது மிக உறுதி என்பதற்கு அவைதான் சாட்சி.

பின்தேதி போட்டு எழுத வேண்டாம். நான் பார்த்த ஒரு கம்பெனியில் ஜனவரித் தேதியிட்ட ஆவணத்தை ஜூனில் தயாரித்தார்கள். அதில் வாங்குபவரின் திருத்திய ஆர்டர் எண் இருந்தது. அந்தத் திருத்தமே ஏப்ரலில்தான் வந்திருந்தது. ஆடிட்டர் அந்த ஒன்றை மட்டும் நிராகரிக்கவில்லை, அந்த ஆண்டின் எல்லா ஹெட்ஜ் ஆவணங்களையும் நம்ப மறுத்துவிட்டார்.

இதுவரை ஆவணம் இல்லையென்றால் இன்றைய தேதியிட்டு எழுதலாம், அதன் பலன் இன்றிலிருந்துதான். 1,20,000 இந்த ஆண்டு லாப நஷ்டத்திலேயே நிற்கும். ஏப்ரல் தொடக்கத்தில் ரேட் அதிகம் நகராமல் இருந்தால், அதன்பின் வரும் 70,000 மட்டும் ரிசர்வ் வழியாக மே மாத விற்பனைக்குப் போகும். இதற்கு ஆடிட்டர் கூடுதலாக ஒரு அளவீடு கேட்கலாம், ஏனென்றால் நீங்கள் ஹெட்ஜாகக் காட்டும் நாளில் ஃபார்வர்டின் மதிப்பு பூஜ்யமாக இல்லை.

வாங்குபவர் பின்வாங்கினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் ஜூனுக்குத் தள்ளிப்போனது, ஆனால் சரக்கு போகும் என்றால், ரிசர்வில் சேர்ந்தது அங்கேயே இருக்கட்டும். ஆர்டரில் 40,000 டாலர் ரத்தாகி, அதை ஈடுகட்ட வேறு விற்பனையும் வராது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பங்குக்கு உரிய ரிசர்வை, அதாவது சேர்ந்ததில் 40 சதவீதத்தை, தெரிந்த அன்றே லாப நஷ்டத்துக்கு மாற்ற வேண்டும். மே வரை வைத்திருக்க முடியாது.

வருமான வரிக்கு மட்டும் கணக்கு வேறு. இப்படி வரப்போகும் விற்பனைக்காகப் போட்ட ஃபார்வர்டின் லாப நஷ்டத்தை, வருமான வரிக்கான கணக்கு விதியான ஐ.சி.டி.எஸ். VI, தீர்வாகும் நாளில்தான் ஏற்கிறது. ஆகவே ஆடிட்டர் சொல்படி 1,20,000-ஐ இந்த ஆண்டே லாப நஷ்டத்தில் எழுதினாலும், வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, ஜூலை 31-ல் கழித்துக்கொள்ளுங்கள்.