சர்க்கரை நோயும் வெளியே வராத விந்தும்: சிறுநீரிலிருந்து விந்தணு எடுத்த என் அனுபவம்

கேள்வி: "எனக்கு 34 வயது, 11 வருடமாக சுகர் இருக்கிறது. ஒரு வருடமாக உச்சம் வருகிறது, ஆனால் விந்து வெளியே வருவதே இல்லை. விரையில் ஊசி போட்டுத்தான் விந்தணு எடுக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?"

ஊசிக்குச் சரி சொல்வதற்கு முன்னால் ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். உச்சம் முடிந்த உடனே கழிக்கிற சிறுநீரை லேபில் சுழற்றி, அதில் விந்தணு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பதற்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் என் ரிப்போர்ட்டில் "சாம்பிள் இல்லை" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நாங்கள் முதலில் போன சிகிச்சை மையத்தில் அதை வைத்தே விரையில் ஊசிக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஒருவர்கூட என் சிறுநீரைப் பார்க்கவில்லை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

எனக்கு 24 வயதில் சுகர் வந்தது, இரண்டாம் வகை. பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லை. 35 வயதில் விந்தின் அளவு குறைய ஆரம்பித்து, ஒரே வருடத்தில் நின்றேபோனது. விறைப்பில் குறை இல்லை, உச்சத்தின் உணர்வும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு சிறுநீர் கழித்தால் கொஞ்சம் கலங்கலாக, கஞ்சித் தண்ணீர் போல இருக்கும். சுகரால் வந்த இன்ஃபெக்‌ஷன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தக் கலங்கலே என் விந்துதான்.

பிற்பாடு ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகளைப் பார்க்கிற ஒரு ஆண்ட்ராலஜிஸ்ட் தாளில் படம் போட்டு விளக்கினார். சிறுநீர்ப்பையும் சிறுநீர்க் குழாயும் சேருகிற கழுத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விந்து குழாய்க்குள் வந்து சேரும் நேரத்தில் அந்த வளையம் இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். மூடினால்தான் விந்து முன்பக்கம் போகும். அதை மூடவைக்கிற நரம்புகள் நம் இஷ்டத்துக்கு இயங்குபவை அல்ல, தானாக இயங்குபவை. பல வருட சுகர் அவற்றை மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது. வளையம் மூடாவிட்டால் விந்து எளிதான வழியைப் பார்த்துக்கொண்டு பின்பக்கம், சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். இதைத்தான் ரெட்ரோகிரேட் எஜாகுலேஷன் என்கிறார்கள். விந்தணு உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கும், அது போய்ச் சேரும் இடம்தான் மாறிவிடுகிறது. உட்கார்ந்து எழுந்தால் தலைசுற்றல், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு எல்லாம் உங்களுக்கும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவையும் தானியங்கி நரம்புகள் கெட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீர் சரியாகப் போவதற்கென்று டாம்சுலோசின், சைலோடோசின் மாதிரி மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? அவையும் இதே வளையத்தைத் தளர்த்தும். மாத்திரைதான் காரணம் என்றால் டாக்டர் அதை மாற்றினாலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. நரம்பு கெட்டதால் வந்தது அப்படித் திரும்புவது அபூர்வம். நான் சுகரை நன்றாகக் குறைத்த பிறகும் விந்து முன்பக்கம் வரவில்லை.

முதல் முறை என் சிறுநீரைச் சுழற்றிப் பார்த்தபோது நுண்ணோக்கியில் நூற்றுக்கணக்கில் விந்தணு தெரிந்தது. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. என் மனைவி "செத்துப் போனதைத்தான் பார்த்தோமா?" என்று கேட்டு அழுதுவிட்டாள். லேபில் இருந்த எம்பிரியாலஜிஸ்ட் அம்மா மட்டும் பதறவில்லை. "இது கண்டுபிடிக்க வைத்த டெஸ்ட் சார். இன்றைக்குச் சிறுநீரைத் தயார் பண்ணவே இல்லையே, உயிரோடு எப்படி இருக்கும்?" என்றார். அந்தத் தயாரிப்பைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். விஷயமே அதில்தான் இருக்கிறது.

சிறுநீர் விந்தணுவைக் கொல்வது இரண்டு வகையில். ஒன்று, அமிலம். விந்து லேசான காரத்தன்மை உள்ளது, சிறுநீரோ பெரும்பாலும் அமிலம். அன்று என் சிறுநீரின் பிஹெச் 5.5. இரண்டாவது, அடர்த்தி. கரைந்திருக்கும் பொருள் அதிகமானால் விந்தணு வற்றிப்போகும். அதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து, சிறுநீர் மிகவும் நீர்த்துப்போய் விந்தணு உப்பி, வால் சுருண்டுவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை, சிறுநீரில் இறங்கும் சர்க்கரை. அது அடர்த்தியை ஏற்றிவிடும். நான் அப்போது டாபாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரையின் வேலையே ரத்தச் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குவதுதான். மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் அந்த அம்மா விரலை வைத்துக் காட்டியது அதன் மேல்தான். என் சுகர் டாக்டரிடம் பேசி, ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

நடுவில் மருந்தாலும் முயன்றோம். இமிப்ரமின் 25 மில்லிகிராம், இரவில் ஒன்று. வளையத்தை இறுக்குவதற்கு அதைத் தருவது உண்டு. சிலருக்கு சூடோஎபிட்ரின் தருவார்கள். எனக்கு இரண்டு வாரத்தில் ஓரிரு சொட்டு முன்பக்கம் வந்தது, கூடவே வாய் வறட்சியும், எழுந்து நின்றால் கண் இருட்டுவதும் வந்தது. நிறுத்திவிட்டோம். பலன் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நரம்பு ரொம்பக் கெட்டிருந்தால் மருந்துக்கு அது கட்டுப்படுவதில்லை. ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ உள்ளவர்கள் டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

சரி, சேகரித்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முன் சிறுநீர் கல்ச்சர் செய்து கிருமி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார்கள். முந்தின இரவு 500 மில்லிகிராம் சோடியம் பைகார்பனேட் மாத்திரை நான்கு, காலையில் லேபுக்குப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மறுபடியும் நான்கு. இது எனக்குச் சொன்ன அளவு. அதில் சோடியம் அதிகம், அதனால் ரத்த அழுத்தம் அல்லது சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். போனதும் சிறுநீரைப் பட்டையில் தோய்த்துப் பார்த்தார்கள். பிஹெச் 7.5, சர்க்கரை இல்லை. இந்த இரண்டும் சரியாக இல்லாவிட்டால் அன்று எடுக்கவே வேண்டாம், வேறு நாள் வையுங்கள் என்று கேளுங்கள்.

அடுத்து சிறுநீர்ப்பையை முழுதாகக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு லேபை ஒட்டிய அறையில் சேகரிப்பு. கையில் இரண்டு பாத்திரம். சின்னக் கிண்ணம் முன்பக்கம் வருவதற்கு, ஒரு சொட்டு என்றாலும் அதைத் தனியாகத் தர வேண்டும். அகலமான இன்னொன்றில் விந்தணுவுக்கான திரவத்தை உடல் சூட்டில் வைத்து ஊற்றியிருந்தார்கள். உச்சம் முடிந்த கையோடு அதில் சிறுநீர் கழிக்க வேண்டும். ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. நான் சன்னல் வழியாகக் கொடுத்ததும் அதைக் குழாய்களில் பிரித்து, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் மெதுவான வேகத்தில் சுழற்றி, மேலே நிற்கும் சிறுநீரை வடித்துவிட்டு, அடியில் படிந்ததைப் புதுத் திரவத்தில் கலந்தார்கள். இதனால்தான் வீட்டில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவது இதற்கு ஆகாது.

அன்று கிடைத்தது மொத்தம் 1 கோடியே 40 லட்சம் விந்தணு. நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் அசைந்தன. கழுவிப் பிரித்த பிறகு நன்றாக நீந்தியவை 8 லட்சம். கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐக்கு இது போதாது. 10 லட்சத்துக்குக் கீழே போனால் பலன் மிகவும் குறையும், 50 லட்சம் இருந்தால்தான் தைரியமாகச் செய்யலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்ஸிக்கு 8 லட்சம் தாராளம். உறைய வைத்துவிட்டு, மனைவிக்கு முட்டை எடுக்கும் நாளில் புதிதாகவும் சேகரித்தோம். உறைந்தது ஒரு பாதுகாப்பு. அந்த நாளின் பதற்றத்தில் உச்சமே வராமல் போகலாம், அப்படி நடக்கிறது. எங்களுக்கு 9 முட்டை முதிர்ந்திருந்தது, 6 கருவுற்றன. முதல் முறை நிற்கவில்லை. உறைய வைத்த கருவில் இரண்டாவது முறை நின்றது. மகளுக்கு இப்போது மூன்று வயது.

மாத்திரைத் தயாரிப்பு போதாதவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது. மெல்லிய கதீட்டர் வைத்து சிறுநீர்ப்பையைக் காலி செய்து, விந்தணுவுக்கு ஏற்ற திரவத்தால் கழுவி, அதில் கொஞ்சத்தை உள்ளேயே விட்டுவிடுவார்கள். அதன் பிறகு உச்சம். விந்து விழும் இடமே சிறுநீராக இல்லாமல் பாதுகாப்பான திரவமாக இருக்கும். இதன் மூல வடிவத்தை ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1955-இல் வெளியிட்டார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். கதீட்டரால் கிருமி ஏறும் அபாயம் உண்டு, சுகர் உள்ளவர்களுக்கு அது கூடுதல் கவலை. அதனால் முதல் தேர்வாக வைப்பதில்லை.

உங்கள் சிறுநீரிலும் விந்தணுவே இல்லை என்று வந்தால் கதை வேறு. நரம்பு இன்னும் மேலே கெட்டுப்போய், விந்து குழாய்க்கு வந்து சேராமலே இருக்கலாம். பாதை அடைத்திருக்கலாம், விரையில் உற்பத்தி குறைந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். வந்து சேராதது மட்டும்தான் பிரச்சினை என்றால், மயக்க மருந்து கொடுத்து, ஆசனவாய் வழியாக மெல்லிய மின்தூண்டல் கொடுத்து விந்து எடுப்பது ஒரு வழி. அதிர்வுக் கருவியால் தூண்டும் முறைக்கு, தண்டுவடம் வரை போய்த் திரும்பும் நரம்புப் பாதை முழுதாக இருக்க வேண்டும், அதனால் முதுகுத்தண்டு அடிபட்ட பலருக்குப் பலன் தரும் அது நமக்கு அவ்வளவாகத் தருவதில்லை. இவை ஆகாதபோது விரையில் ஊசி சரியான வழிதான், அதில் எனக்கு எதிர்ப்பு இல்லை.

அப்புறம் ஒன்று. பல சிறிய மையங்களில் சிறுநீரைச் சுழற்றிப் பார்ப்பது பழக்கமில்லை. போகும் முன் லேபுக்கே போன் போட்டு, "உச்சத்துக்குப் பிறகான சிறுநீரில் விந்தணு பார்த்து, கழுவி, உறைய வைப்பீர்களா, மாதத்தில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் எதற்கு" என்று பதில் வந்தால் வேறு லேபைப் பாருங்கள்.