சோடியம் பேட்டரி வாங்கும் முன் இன்வெர்ட்டர் லேபிளைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு சோலாருக்கு 48 வோல்ட் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். பேட்டரிக்கு 42 முதல் 60 வோல்ட் வரை என்று அதன் லேபிளில் இருக்கிறது. பழைய லெட் ஆசிட் பேட்டரிகள் ஓய்ந்துவிட்டன. லித்தியம் வாங்கப் போனால், ஒருவர் சோடியம் அயான்தான் இனி என்கிறார். இன்னொருவர் சாலிட் ஸ்டேட் வரப்போகிறது, பொறுங்கள் என்கிறார். எதை நம்புவது?

பதில்: சாலிட் ஸ்டேட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். சோடியம் அயான் நல்ல பேட்டரிதான், ஆனால் உங்கள் இன்வெர்ட்டரோடு அது சரியாகப் பொருந்தாது. இப்போதைக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி, வாங்குவதே என் யோசனை. லேபிளில் உள்ள அந்த இரண்டு எண்களை நீங்கள் எழுதியனுப்பியது நல்லதாகப் போயிற்று. விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் எல்எஃப்பி. உங்கள் இன்வெர்ட்டருக்கு வரும் பேட்டரியில் பொதுவாக 16 செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். ஒரு செல் முழுதாக ஏறும்போது 3.65 வோல்ட், காலியாகும்போது 2.5 வோல்ட். பதினாறால் பெருக்கினால் மேலே 58.4, கீழே 40. அதிலும் பெரும்பகுதி நேரம் செல் 3.2, 3.3 வோல்ட்டிலேயே அசையாமல் நிற்கும். கடைசிச் சொட்டில்தான் சரேலென்று விழும். அதனால் 42 வோல்ட்டில் இன்வெர்ட்டர் நிறுத்திக்கொண்டாலும் நீங்கள் இழப்பது எதுவுமில்லை என்றே சொல்லலாம்.

சோடியம் செல் அப்படி நடந்துகொள்ளாது. இதில் பரவலாக விற்கும் ஒரு வகை, நேர்முனையில் அடுக்கு ஆக்சைடு கேத்தோடும் எதிர்முனையில் கடினக் கார்பன் ஆனோடும் கொண்டது. லித்தியம் செல்லில் இருக்கும் கிராஃபைட் இங்கே உதவாது, சோடியம் அயான் அதன் அடுக்குகளுக்குள் சரியாகப் போய் உட்காராது. கடினக் கார்பனிலோ அடுக்குகள் ஒழுங்கில்லாமல் கலைந்து கிடக்கும். இடுக்குகளும் நுண்துளைகளும் பல அளவில் இருக்கும். அயான்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மின்னழுத்தத்தில் நுழைகின்றன. அதனால் செல்லின் வோல்ட்டேஜ் சமதளமாக நிற்காமல் ஒரு சரிவாக இறங்குகிறது: முழுதாக ஏறினால் 4 வோல்ட் அளவில், காலியானால் 1.5 வோல்ட் வரை.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்வெர்ட்டரின் 60 வோல்ட் எல்லையைத் தாண்டக்கூடாது என்றால் 15 சோடியம் செல்கள் வைக்கலாம். முழுதாக ஏறும்போது சரியாக 60. இறங்கும்போது 42 வோல்ட்டில் இன்வெர்ட்டர் கைவிடும். அப்போது ஒவ்வொரு செல்லும் 2.8 வோல்ட்டில் இருக்கும். அந்த நிலையில் உள்ளே இன்னும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மிச்சம் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய கொள்ளளவு அது, உங்களால் தொட முடியாது. மின்பாரம் அதிகமாக இருக்கும்போது வோல்ட்டேஜ் இன்னும் தாழும் என்பதால் வெட்டு இன்னும் சீக்கிரமே விழும். சரி, இன்னொரு செல்லைக் கூட்டி 16 ஆக்கலாமா? அப்போது முழு ஏற்றத்துக்கு 64 வோல்ட் வேண்டும். இன்வெர்ட்டர் 60க்கு மேல் போகாது, ஆக இழப்பு கீழிருந்து மேலே இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அகலமான எல்லை கொண்ட இன்வெர்ட்டர் இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3000 வாட் பாரத்துக்கு, 50 வோல்ட்டில் 60 ஆம்பியர் ஓடும். சோடியம் பேட்டரி 30 வோல்ட்டுக்கு இறங்கும்போது அதே பாரத்துக்கு 100 ஆம்பியர் ஓடும். கேபிள், ஃபியூஸ் எல்லாம் அந்தப் பெரிய எண்ணுக்குத் தகுந்தவையாக இருக்க வேண்டும். எல்எஃப்பிக்குப் போட்ட கேபிளிலேயே சோடியத்தைக் கோத்துவிட்டால், பேட்டரி காலியாகும் நேரத்தில்தான் கேபிள் சூடாகும். யாரும் தொட்டுப் பார்க்காத நேரம் அது.

இவ்வளவு சொன்னதால் சோடியத்தை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் உண்மையான பலம் குளிர். எல்எஃப்பி செல்லை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் மீளாது. சோடியம் செல்கள் பலவற்றுக்கு மைனஸ் 20 வரை இயங்க அனுமதி உண்டு. பனி விழும் ஊரில், சூடாக்க வழியில்லாத கொட்டகையில் பேட்டரி வைப்பவருக்கு நான் தயங்காமல் சோடியத்தையே சொல்வேன்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. லித்தியம் செல்லின் ஆனோடு பக்கம் செம்புத் தகடு இருக்கிறது, ஏனென்றால் அலுமினியத்தோடு லித்தியம் அங்கே கலந்து உலோகக் கலவையாகிவிடும். சோடியம் அப்படிக் கலப்பதில்லை. இருபுறமும் அலுமினியமே போதும். விலை குறைவது ஒரு புறம் இருக்கட்டும். லித்தியம் செல்லை அடியோடு காலியாக விட்டால் அந்தச் செம்பு கரையும், மறுபடி சார்ஜ் செய்யும்போது அது வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சோடியம் செல்லில் அந்த ஆபத்து இல்லை. பூஜ்ய வோல்ட்டுக்கு இறக்கியே அனுப்பலாம், வைக்கலாம். ஆனால் தீப்பிடிக்காது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உள்ளே அயான்களைக் கடத்துவது எரியக்கூடிய கரிமத் திரவ எலக்ட்ரோலைட்தான்.

எடை விஷயத்தில் சோடியம் பின்தங்குகிறது. சோடியம் அணு லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். சிஏடிஎல் நிறுவனம் 2021இல் அறிவித்த முதல் தலைமுறை செல், கிலோவுக்கு 160 வாட் மணி. இது எல்எஃப்பியை ஏறக்குறைய எட்டிப்பிடிக்கும் அளவு. நீண்ட தூரம் போகும் கார்களில் இருக்கும் நிக்கல் கலந்த செல்கள் 250ஐ ஒட்டி நிற்கின்றன. தரையில் நிற்கும் பேட்டரிக்கு இந்த எடை ஒரு பொருட்டில்லை.

அதே காரணத்துக்காகத்தான் சாலிட் ஸ்டேட் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். அதில் திரவத்துக்குப் பதிலாகத் திட எலக்ட்ரோலைட். ஆதாயம் திடப்பொருளிலிருந்து நேரடியாக வருவதில்லை. கிராஃபைட்டை எடுத்துவிட்டு லித்தியம் உலோகத்தையே ஆனோடாக வைக்க அது வழிவிடுகிறது. கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி தாங்கும், லித்தியம் உலோகம் 3860. அதனால் எடையும் இடமும் குறைகின்றன. காருக்கும் டிரோனுக்கும் அது பெரிய விஷயம். ஆனால் திரவம் எந்த இடுக்கிலும் தானே போய் நிரம்பும், திடப்பொருள் நிரம்பாது. ஒவ்வொரு சார்ஜிலும் லித்தியம் உப்பி, பிறகு சுருங்கும்போது தொடுபரப்பு விட்டுப்போகிறது. இறுக்கிப் பிடிக்க வெளியிலிருந்து அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. விரிசல் வழியே லித்தியம் இழைகள் ஊடுருவி ஷார்ட் ஆவதும் உண்டு. இதையெல்லாம் மலிவாகத் தீர்த்த பிறகும் அது முதலில் வாகனத்துக்குத்தான் போகும்.

கடையில் இப்போதே சாலிட் ஸ்டேட் என்று எழுதி விற்பதில் பல, கொஞ்சம் திரவம் கலந்த அரைத் திட வகை. டேட்டாஷீட்டில் செல்லின் வாட் மணியை அதன் எடையால் வகுத்துப் பாருங்கள். வழக்கமான லித்தியம் செல்லின் எண்ணே வந்தால், மாறியிருப்பது பெயர்தான். சோடியத்துக்கும் ஒரு சோதனை உண்டு. செல்லின் குறைந்தபட்ச வோல்ட்டேஜ் 1.5 அல்லது 2 என்று இருக்க வேண்டும். 2.5 முதல் 3.65 என்று போட்டிருந்தால் அது எல்எஃப்பிதான்.

பிற்காலத்தில் சோடியத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், அடுத்த முறை இன்வெர்ட்டர் வாங்கும்போது 30 வோல்ட் அளவுக்கு இறங்கவும் 64 வரை ஏறவும் அனுமதிக்கிறதா, சார்ஜ் வோல்ட்டேஜை நீங்களே அமைக்க முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். பேட்டரியை அதற்குப் பிறகு தேர்வு செய்யலாம்.