கூப்பன் பத்திர விலையிலிருந்து ஸ்பாட் விகிதமும் ஃபார்வர்டும்

கேள்வி: கூப்பன் பத்திர விலையை வைத்து 2 ஆண்டு ஸ்பாட் விகிதத்தையும், அதிலிருந்து ஃபார்வர்டையும் எப்படிக் கணக்கிடுவது?

குறுகிய காலத்திலிருந்து தொடங்குங்கள். முதிர்வில் 100 ரூபாய் தரும், கூப்பன் இல்லாத 1 ஆண்டுப் பத்திரம் 94.34 ரூபாய்க்குக் கிடைத்தால், 1 ஆண்டு ஸ்பாட், அதாவது இன்றிலிருந்து ஓராண்டுக்கான வட்டி விகிதம், 6%.

அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை 7% கூப்பன் தரும் 2 ஆண்டுப் பத்திரம், விலை 100. முதல் கூப்பன் 7 ரூபாயின் இன்றைய மதிப்பு 6.60. அதைக் கழித்தால் மீதி 93.40. இரண்டாம் ஆண்டு முடிவில் வரும் 107-க்கு இன்றைய விலை இதுதான்.

```
107 / 93.40 = 1.1456
√1.1456 − 1 = 7.03%
1.1456 / 1.06 − 1 = 8.08%
```

7.03% தான் 2 ஆண்டு ஸ்பாட். 8.08% என்பது இரண்டாம் ஆண்டுக்கு மட்டுமான ஃபார்வர்ட்.

கடைசிக் கூப்பனுக்குப் பின் சேர்ந்த வட்டியும் விலையில் அடங்கியிருக்க வேண்டும். விலை வெறும் 10 பைசா குறைந்தாலே ஸ்பாட் 0.06 சதவீதப் புள்ளி ஏறும். ஃபார்வர்டோ அதைப் போல இரண்டு மடங்கு ஏறிவிடும். அதனால் ஃபார்வர்ட் வளைவு திடீரென்று குதித்தால், முதலில் அந்தப் பத்திரத்தின் விலையைச் சரிபாருங்கள்.