திட்டத்தைவிடச் சமையலறை சற்று நீண்டுவிட்டது

“கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டி முடித்தோம். சமையலறை பின்பக்கம் 1.2 மீட்டர் நீண்டுவிட்டது. அபராதம் கட்டினால் வீட்டு எண் கிடைக்குமா?”

கட்டணம் பிறகு. முதலில் புதிய சுவரிலிருந்து பின் எல்லை வரை நாடா பிடித்து அளந்து பாருங்கள். விதி கேட்கும் இடைவெளி மிச்சமிருந்தால் பஞ்சாயத்துச் செயலர் முறைப்படுத்தித் தரலாம். இடைவெளி குறைந்திருந்தால் பணம் கட்டினாலும் சரியாகாது; அந்தப் பகுதியை இடிக்கத்தான் சொல்வார்கள்.

அகலம் 3 மீட்டர் என்றால் கூடுதல் பரப்பு 3.6 சதுர மீட்டர். இருக்கிற வீட்டை அளந்து வரைந்த புதிய வரைபடத்தில் அதைத் தனி நிறத்தில் காட்டி, பரப்பு அட்டவணையையும் திருத்தச் சொல்லுங்கள். எங்கள் பொறியாளர் பழைய அளவுகளையே நகலெடுத்தார். நேரில் வந்த ஓவர்சியர் திருப்பி அனுப்பிவிட்டார். தற்காலிகமாக யுஏ எண் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள், வேண்டாம்; அது சட்டவிரோதக் கட்டடத்துக்கான எண், வரியும் கூடும்.