பக்கிளை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: அப்பாவின் பழைய ஸ்மார்ட்வாட்ச்சில் ஸ்ட்ராப் அறுந்துவிட்டது. பெட்டி, பில் எதுவும் இல்லை, வாட்ச் ஆனும் ஆகவில்லை. பக்கிளையும் பின்பக்க சென்சாரையும் வைத்து என்ன மாடல் என்று கண்டுபிடிக்க முடியுமா? எந்த ஸ்ட்ராப் பொருந்தும்?

பதில்:

முடியும். ஆனால் பக்கிளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் அங்கிருந்து ஆரம்பித்துத்தான் ஒரு சாயங்காலத்தையே தண்டமாக்கினேன்.

என் அக்காவின் வாட்ச்சும் இதே நிலையில்தான் வந்தது. வட்டமான டயல், ரப்பர் ஸ்ட்ராப், ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பக்கிளின் உள்பக்கம் ஒரு கம்பெனியின் பெயர் பொறித்திருந்தது. அந்தக் கம்பெனியின் வட்ட வாட்ச் படங்களை எல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றுமே ஒத்துப்போகவில்லை. அப்புறம்தான் அக்கா நிதானமாகச் சொன்னாள்: "அது நான் அப்புறமா மாத்தின ஸ்ட்ராப்புடா."

பக்கிள் ஸ்ட்ராப்போடு சேர்ந்தது, வாட்ச்சோடு சேர்ந்ததல்ல. இரண்டு மூன்று வருடம் கட்டிய வாட்ச்சில் முதலில் வந்த ஸ்ட்ராப்பே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதில் கம்பெனி பெயர் இருந்தால் ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். S, M, L போன்ற எழுத்து இருந்தால் அது மணிக்கட்டுக்கான நீளம். உங்களுக்கு வேண்டியது ஸ்ட்ராப் வாட்ச்சில் மாட்டும் முனையின் அகலம். அதற்கும் இந்த எழுத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்து எனக்குக் கிடைத்த துப்பு அக்காவின் ஃபோனில் இருந்தது. வாட்ச் செத்துப்போயிருந்தாலும், அதோடு இணைத்திருந்த ஃபோனின் புளூடூத் பட்டியலில் பெயர் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அப்பாவின் ஃபோனிலும் பாருங்கள். எங்களுக்கு `Galaxy Watch` என்று ஆரம்பிக்கும் பெயர் கிடைத்தது. உடனே "கேலக்ஸி வாட்ச் ஸ்ட்ராப்" என்று தேடி, முதலில் வந்த 22 மி.மீ. ஸ்ட்ராப்பை ஆர்டர் போட்டேன். வந்தது. வாட்ச்சில் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளுக்கு நடுவே நுழையவே இல்லை.

அப்போதுதான் பின்பக்கத்தைத் திருப்பி ஒழுங்காகப் படித்தேன். சென்சாரைச் சுற்றி வட்டமாக ஓடும் பொடி எழுத்தில் `SM-R810` என்று இருந்தது. 2018இல் வந்த அந்த கேலக்ஸி வாட்ச்சில் இரண்டு அளவு உண்டு. 46 மி.மீ. உடல் `SM-R800`, அதற்கு 22 மி.மீ. ஸ்ட்ராப். 42 மி.மீ. உடல் `SM-R810`, அதற்கு 20 மி.மீ. ஸ்ட்ராப். பெயர் ஒன்றே, ஸ்ட்ராப் வேறு. இந்த 42, 46 எல்லாம் வாட்ச் உடலின் அளவு. அதைப் பார்த்து ஸ்ட்ராப் வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

எனவே பின்பக்கத்தைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலில் ஈரத் துணியால் நன்றாகத் துடையுங்கள், வியர்வையும் சோப்பும் படிந்து எழுத்தை மூடியிருக்கும். பிறகு விளக்கை நேராகப் பிடிக்காமல் ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணாடி பளபளத்து எழுத்து மறைந்துவிடும், சாய்ந்த வெளிச்சத்தில் பொறிப்பின் நிழல் விழும். இன்னொரு ஃபோனால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். `Model` என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் மாடல் எண். சில வாட்ச்களில் ஸ்ட்ராப் நுழையும் பள்ளத்துக்குள்ளே எழுதியிருக்கும், ஸ்ட்ராப்பைக் கழற்றினால்தான் தெரியும்.

மாடல் எண் தேய்ந்துபோய், `FCC ID` என்று தொடங்கும் வரி மட்டும் தெரிகிறதா? அதுவும் போதும். வயர்லெஸ் கருவிகளுக்கு அமெரிக்காவில் தரும் அனுமதியின் எண் அது. அதன் முதல் சில எழுத்துகளே கம்பெனியைக் காட்டிக்கொடுத்துவிடும். `A3L` என்றால் சாம்சங், `BCG` என்றால் ஆப்பிள், `IPH` என்றால் கார்மின், `XRA` என்றால் ஃபிட்பிட். முழு எண்ணையும் தேடினால் அனுமதிக்காகக் கொடுத்த ஆவணங்கள் வரும், பல சமயம் வாட்ச்சின் படங்களும் இருக்கும். அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எழுத்து எதுவுமே தெரியவில்லை என்றால் சென்சாரின் அமைப்பையும் சார்ஜ் ஏறும் புள்ளிகளையும் பார்க்க வேண்டியதுதான். இதில் சென்சாரைவிட சார்ஜ் புள்ளிகளைத்தான் நான் அதிகம் நம்புவேன். பச்சை வெளிச்சம் வரும் ஜன்னல் ஏறக்குறைய எல்லா வாட்ச்சிலும் உண்டு, அது எதையும் பிரித்துக் காட்டாது. சார்ஜ் ஏற்றும் முறை மாறியிருந்தால் தலைமுறை மாறியிருக்கிறது என்று அர்த்தம், சில சமயம் ஸ்ட்ராப் பூட்டும் கூடவே மாறியிருக்கும். ஃபிட்பிட் வெர்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெர்சா, வெர்சா லைட், வெர்சா 2 மூன்றுக்கும் வாட்ச்சைக் கவ்விப் பிடிக்கும் சார்ஜர், மூன்றுக்கும் ஒரே ஸ்ட்ராப். வெர்சா 3இல் காந்தத்தில் ஒட்டும் சார்ஜர் வந்தது, ஸ்ட்ராப் பூட்டும் மாறியது. அந்தப் புதுப் பூட்டுதான் வெர்சா 4, சென்ஸ், சென்ஸ் 2 ஆகியவற்றிலும். அதனால் மேசை டிராயரில் பழைய சார்ஜர் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள்.

அப்பாவிடம் இருப்பது வாட்ச் இல்லாமல் மாத்திரை வடிவ ஃபிட்னஸ் பேண்ட் என்றால் இது இன்னும் எளிது. மி பேண்ட் 3ஐயும் 4ஐயும் சார்ஜ் போட ஸ்ட்ராப்பிலிருந்து பிதுக்கி எடுத்தாக வேண்டும். 3இல் சார்ஜ் புள்ளிகள் மாத்திரையின் முனையில் இருக்கும், முன்பக்கம் விரல் வைக்கச் சின்னக் குழியும் உண்டு. 4இல் புள்ளிகள் பின்பக்கம் வந்துவிட்டன, குழி போய்விட்டது. இந்த இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ராப். 5, 6 இரண்டும் கழற்றாமலே காந்த சார்ஜரில் ஒட்டும், இவற்றுக்கும் ஒரே ஸ்ட்ராப். தொல்லை என்னவென்றால் 4க்கும் 5க்கும் உடல் அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதனால் 5இன் ஸ்ட்ராப்பில் 4ஐ வைத்தால் உட்கார்ந்ததுபோலத்தான் இருக்கும். ஒரு நாள் சட்டை மாட்டும்போது கை உரசி மாத்திரை கழன்று விழும், விழுந்தது தெரியாமலும் போகலாம். இரண்டுக்கும் பொருந்தும் என்று போட்டு விற்கும் ஸ்ட்ராப்பை நான் வாங்க மாட்டேன். பின்பக்கம் `XMSH07HM` என்று இருந்தால் 4, `XMSH10HM` என்று இருந்தால் 5, `XMSH15HM` என்று இருந்தால் 6.

சரி, இவ்வளவு செய்தும் மாடல் தெரியவில்லையா? பரவாயில்லை. பெயரே தெரியாத கம்பெனிகளின் வாட்ச்களில் ஒரே உடல் பல பெயர்களில் விற்கும், மாடல் தெரிந்தாலும் அங்கே பெரிய பலன் இல்லை. அப்போது பார்க்க வேண்டியது ஸ்ட்ராப் மாட்டும் இடத்தை மட்டும்தான்.

டயலின் மேலும் கீழும் இரண்டிரண்டு கொம்பு நீட்டிக்கொண்டு, நடுவே ஒரு மெல்லிய ஸ்பிரிங் பின் குறுக்கே போகிறது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது பெரும்பாலான சாதாரணக் கைக்கடிகாரங்களுக்கும் பொதுவான அமைப்பு. கொம்புகளின் உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளந்தால் போதும். வெர்னியர் இல்லை என்றால், ஒரு காகிதத் துண்டை நடுவே சரியாக அடங்கும்வரை கத்தரித்து, அந்தத் துண்டை ஸ்கேலில் வையுங்கள். 18, 20, 22 என்று முழு எண் அருகில் ஏதாவது வரும். 19.7 வந்தால் 20தான், கவலைப்படாதீர்கள். பழைய ஸ்ட்ராப்பை அளக்கிறீர்கள் என்றால் பின் நுழையும் முனையை அளக்க வேண்டும், பக்கிள் பக்கம் குறுகியிருக்கும்.

22 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. ஸ்ட்ராப் நுழையும். நுழைகிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதோடு வரும் பின்னும் 20க்கான நீளம்தான், அதன் நுனி கொம்பின் துளைக்குள் போதுமான ஆழம் போகாது. பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடைவெளி விட்டு ஸ்ட்ராப் ஆடும், கொஞ்சம் இழுபட்டால் வாட்ச் கழன்று விழும்.

கொம்பே இல்லாமல் உடலில் பள்ளமோ கொக்கியோ மட்டும் இருந்தால் அது அந்தக் கம்பெனிக்கே உரிய பூட்டு. அங்கே அளவு உதவாது, மாடல் தெரிந்தே ஆக வேண்டும், மேலே சொன்ன வழிகள் அதற்குத்தான். ஆப்பிள் வாட்ச் மட்டும் இதில் கொஞ்சம் தாராளம். அதன் ஸ்ட்ராப் பக்கவாட்டில் சறுக்கி உள்ளே போகும். 38, 40, 41 மி.மீ. ஒரு கூட்டம், 44, 45, 49 மி.மீ. இன்னொரு கூட்டம், கூட்டத்துக்குள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். 42 மட்டும் குழப்பும். பழைய 42 பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது, சீரிஸ் 10இன் 42 சின்னக் கூட்டத்தைச் சேர்ந்தது.

கடைசியாக ஒன்று. ஆர்டர் போடும் முன் பழைய ஸ்ட்ராப்பின் மிச்சத்தையும் கழற்றிவிட்டு, நான்கு துளைகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் முறிந்திருந்தால் அதன் நுனி துளைக்குள் மாட்டியிருக்கும். அதை மெல்லிய ஊசியால் நெம்பி எடுக்காமல் எந்த ஸ்ட்ராப்பும் மாட்டாது. அறுந்தது ஸ்ட்ராப்தானா, கொம்பே விரிசல் விட்டிருக்கிறதா என்றும் அப்போது தெரிந்துவிடும். கொம்பு போயிருந்தால் ஸ்ட்ராப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அக்காவின் வாட்ச்சில் ஒரு துளைக்குள் அப்படி ஒரு நுனி கிடந்தது. அதை எடுத்த பிறகு 20 மி.மீ. ஸ்ட்ராப் டக்கென்று உட்கார்ந்தது. அந்த 22 மி.மீ. ஸ்ட்ராப் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது.